அக்காவின் மடிக்கணினி, தண்டல் ஐயாவின் கைப்பேசி: கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் நடத்துவது நகலெடுக்கும் கடை. பெயருக்குத்தான் நகல். வருகிறவர்களில் பாதிப் பேர் பாரம் நிரப்பத்தான் வருகிறார்கள். வருமான வரிக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், ஊழியர் சேமநிதியின் ஐ-அக்கவுன் என்று எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு மாலையில் வருகிறவருக்குக் கணினி முன்னால் உட்காரப் பொறுமை இருக்காது. 2024 மே 11ஆம் தேதி சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்தபோது, ஐம்பது வெள்ளியிலிருந்து எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு, கடவுச்சொல்லை மறந்தவர்கள் கடை வாசல் வரை நின்றார்கள்.

இந்தக் கடையை நான் இன்னொருவரிடமிருந்து எடுத்து நடத்துகிறேன். கணினியும் அவர் விட்டுப்போனதுதான். வந்த புதிதில் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையில் இதைத் தட்டிப் பார்த்தேன்:

```
chrome://password-manager/passwords
```

ஊரே அதற்குள் இருந்தது. வருமான வரித் தளத்துக்கு எதிரே அடையாள அட்டை எண்கள் வரிசையாக நின்றன. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அதற்குப் பக்கத்தில் கண் படம் போட்ட பொத்தான். அழுத்தினால் கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. குரோம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் விண்டோஸின் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்கும். ஆனால் அந்தக் கணினியின் விண்டோஸுக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்கவில்லை. பூட்டே இல்லாத வீட்டில் குரோம் எந்தச் சாவியைக் கேட்கும்?

அந்தக் கடவுச்சொற்களை யாரும் திருடி வைக்கவில்லை. நுழைந்ததும் மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றி ‘சேமிக்கவா?’ என்று கேட்கும். அவசரத்தில் யாரோ ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு குரோம் இனிமேல் அந்தக் கேள்வியையே கேட்காதபடி, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரியைக் கொடுத்தேன்:

```
reg add HKLM\SOFTWARE\Policies\Google\Chrome /v PasswordManagerEnabled /t REG_DWORD /d 0 /f
```

இது புதிதாகச் சேமிப்பதை மட்டும்தான் தடுக்கும். முன்பே சேமித்து வைத்தவை அப்படியே இருக்கும், தானாக நிரப்பவும் செய்யும். ஆகவே முதலில் அழித்துவிட வேண்டும். வாடிக்கையாளர் உட்காரும்போது குரோமை விருந்தினர் முறையில் திறக்கிறேன். குறுக்குவழியின் இலக்கில் `chrome.exe` என்பதை அடுத்து வரும் மேற்கோள்குறிக்கும் பின்னால் ஓர் இடைவெளி விட்டு `--guest` என்று சேர்த்தால் போதும். சாளரத்தை மூடியதும் நுழைந்த தடம் எதுவும் அதில் தங்காது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாடிக்கையாளர் தம் ஜிமெயிலைத் திறந்தவுடன் ‘குரோமிலும் நுழைந்துவிடுங்கள்’ என்று உலாவி அழைக்கும். அதற்குச் சம்மதித்தால் அவர் வீட்டுக் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்கள் என் கடைக் கணினிக்கு வந்து சேர வாய்ப்பு உண்டு. விருந்தினர் சாளரத்தில் அந்த அழைப்பே வராது.

பொதுக் கணினியைப் பொறுத்தவரை தேர்வு என்று ஒன்றும் இல்லை. அங்கே உலாவியின் சேமிப்பும் வேண்டாம், கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பதற்கென்றே உள்ள தனிச் செயலியும் வேண்டாம். வீட்டுக் கணினிக்கு வந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. என்னை அப்படி யோசிக்க வைத்தது அக்காவின் மடிக்கணினி.

அக்கா வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து ஃபேஸ்புக் பக்கத்தின் வழியாக விற்கிறார். மடிக்கணினி ஒன்றுதான். விண்டோஸ் பயனர் கணக்கும் ஒன்றுதான். அக்கா, மாமா, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மருமகன்கள் இருவர் என எல்லோரும் அதே கணக்கில்தான் புழங்கினார்கள். குரோம் அக்காவின் ஜிமெயிலில் நுழைந்தபடியே இருக்கும். பெரியவன் ஏதோ விளையாட்டுக்குக் குறுக்குவழி தரும் மென்பொருள் என்று ஒன்றைப் பதிவிறக்கினான். அது சுருக்கப்பட்ட கோப்பாக வந்தது. திறக்க ஒரு கடவுச்சொல்லும் தந்திருந்தார்கள். ‘வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவவும்’ என்று குறிப்பும் கூடவே இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது தகவல் திருடும் நிரல் என்று அநேகமாக முடிவு கட்டிவிடலாம். கடவுச்சொல் போட்டுச் சுருக்குவதற்குக் காரணமே, வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் செய்வதுதான்.

நிறுவியபோது விளையாட்டில் ஒன்றும் மாறவில்லையாம். அவனும் மறந்துவிட்டான். இரண்டொரு நாளில் அக்காவின் ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ அந்நிய மொழியில் விளம்பரம் போடத் தொடங்கினார்கள். பக்கத்தின் மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தது. ஜிமெயிலில் புதிய நுழைவு என்ற எச்சரிக்கை வந்திருந்தது, ஆனால் யாரும் படிக்கவில்லை. தீபாவளி ஆர்டர்கள் வரும் நேரம். “தம்பி, நான் யாருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லவே இல்லையே” என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னது உண்மைதான். சொல்லாமலேயே போனது.

எப்படிப் போனது என்பதை விளக்கினால்தான் உலாவிக்கும் தனிச் செயலிக்கும் உள்ள வேறுபாடு புரியும். குரோம் கடவுச்சொற்களைக் கணினியில் `Login Data` என்ற கோப்பில் மறையாக்கம் செய்து வைக்கிறது. மறையாக்கம் வலுவானதுதான். ஆனால் அதைத் திறக்கும் சாவியும் அதே கணினியில், அதே பயனரின் கோப்புறைக்குள் இருக்கிறது. அந்தச் சாவியை விண்டோஸ் காக்கிறது. யாரிடமிருந்து? வேறு பயனரிடமிருந்து. நீங்கள் விண்டோஸில் நுழைந்துவிட்டால், உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் விண்டோஸ் சாவியை எடுத்துக் கொடுத்துவிடும். மருமகன் ஓடவிட்ட நிரலும் அக்காவின் கணக்கில்தான் ஓடியது. அதனால் அது கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டாள் மாதிரி உள்ளே போய் எடுத்து வந்தது. ரெட்லைன், லும்மா என்ற பெயர்களில் இப்படிப்பட்ட நிரல்கள் வாடகைக்கே விற்கப்பட்டன. 2024 அக்டோபரில் ரெட்லைனையும் 2025 மே மாதத்தில் லும்மாவையும் பல நாட்டு அதிகாரிகள் சேர்ந்து முடக்கினார்கள். அதோடு அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கூகுளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2024 ஜூலையில் வந்த குரோம் 127இல், முதலில் குக்கீகளுக்கு என்று தொடங்கி, குரோம் கேட்டால் மட்டுமே சாவி கிடைக்கும்படி விண்டோஸில் ஒரு கூடுதல் தடையைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்குள் திருட்டு நிரல்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டன. திருடனின் வேலை முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது என்பது வரை உண்மை. ஃபயர்ஃபாக்ஸில் முதன்மைக் கடவுச்சொல் என்று ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம். வைத்தால் சேமித்தவை அதைக் கொண்டு பூட்டப்படும். ஆனால் தானாக அது இருக்காது, அமைப்புகளுக்குள் போய் நாம்தான் வைக்க வேண்டும். வைத்தவர்களை நான் பார்த்தது குறைவு.

தனிச் செயலியில், அதாவது பிட்வார்டன், கீபாஸ், ஒன்பாஸ்வேர்டு போன்றவற்றில், பெட்டகத்தைத் திறக்கும் சாவி உங்கள் முதன்மைச் சொற்றொடரிலிருந்து பிறக்கிறது. பெட்டகம் பூட்டியிருக்கும்போது அந்தச் சாவி கணினியில் இல்லை. திருட்டு நிரல் பெட்டகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் திறக்க முடியாது. சொற்றொடரை யூகித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இரண்டு எல்லைகளையும் சேர்த்தே சொல்கிறேன். விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை. முதலாவது, பெட்டகம் திறந்திருக்கும் நேரத்தில் கணினியில் திருட்டு நிரல் ஓடினால் தனிச் செயலியும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. நீங்கள் தட்டும் எழுத்துகளையே அது பதிவு செய்யலாம். இரண்டாவது, அக்காவின் ஃபேஸ்புக் பக்கம் போனதற்குக் கடவுச்சொல் மட்டும் காரணமாக இருந்திருக்காது. ஒரு தளத்தில் நுழைந்ததும் ‘இவர் ஏற்கெனவே வந்தவர்’ என்று அடையாளம் காட்டும் குக்கீ ஒன்று உலாவியில் தங்குகிறது. திருட்டு நிரல் அதையும் அள்ளிக்கொண்டு போகும். அதை வைத்து நுழைகிறவனிடம் கடவுச்சொல்லையும் கேட்க மாட்டார்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் கேட்க மாட்டார்கள். இதற்கு எந்தப் பெட்டகமும் மருந்தாகாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினால்தான் அந்தக் குக்கீ செல்லாமல் போகும்.

ஆகவே முதல் நாள் பெட்டகத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. அக்காவின் கைப்பேசி சுத்தமாக இருந்தது. அதிலிருந்து முதலில் ஜிமெயிலின் கடவுச்சொல்லை மாற்றி மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றினோம். மின்னஞ்சலுக்கு ஏன் முதலிடம் என்றால், மற்ற எல்லாக் கணக்குகளின் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்ற கடிதமும் அங்கேதான் வந்து விழும். பிறகு வங்கி. பேங்க் நெகாரா 2022இல் சொன்னபடி வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணை விட்டுவிட்டு, பதிவு செய்த கைப்பேசியின் செயலியிலேயே ஒப்புதல் கேட்கும் முறைக்கு மாறி வந்ததால், கடவுச்சொல்லை மட்டும் வைத்துப் பணத்தை நகர்த்தத் திருடனால் முடியவில்லை. பணம் போயிருந்தால் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணுக்கு உடனே அழைத்திருப்போம். அதன்பின் ஃபேஸ்புக். மடிக்கணினியில் விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவினேன். மருமகன்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு, அக்காவுக்குத் தனிக் கணக்கு.

நியாயமாகப் பார்த்தால் பாதி வேலை இந்தக் கடைசி வரியிலேயே முடிந்துவிட்டது. பயனர் கணக்குகள் பிரிந்திருந்தால் பையன் கணக்கில் ஓடும் நிரல் அக்காவின் குரோமைத் தொட முடியாது. ‘அப்படியானால் குரோமிலேயே இருந்துவிடலாமே’ என்று மாமா கேட்டார். இருக்கலாம்தான். அக்காவிடம் இருப்பது அந்த ஒரு மடிக்கணினியும் ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் மட்டும் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் மின்கட்டணக் கணக்கும் ஆஸ்ட்ரோ கணக்கும் மாமாவுக்கும் வேண்டும். அவற்றுக்காக அக்காவின் ஜிமெயிலையே மாமாவின் டேப்லட்டிலும் போட்டு வைத்திருந்தார்கள். அந்த டேப்லட் பையன்கள் கையில்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரே கூகுள் கணக்கு எத்தனை சாதனங்களில் நுழைந்திருக்கிறதோ அத்தனையிலும் கடவுச்சொற்கள் போய் உட்காரும். மடிக்கணினியில் பிரித்ததை டேப்லட்டில் மறுபடியும் ஒன்றாக்கியது போல ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறானது தண்டல் ஐயாவின் கதை. தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் தண்டல் ஐயாதான். ஒரே ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசி, கணினி கிடையாது. கணக்குகளும் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். அக்கா வீட்டு விஷயம் காதில் விழுந்து, “தம்பி, எனக்கும் அந்தப் பெட்டியைப் போட்டுக் கொடு” என்று வந்தார். போடவில்லை. தனிச் செயலியின் முதன்மைச் சொற்றொடரை மறந்தால் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அதன் பலமே அதுதான். எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தப் பலமே ஆபத்து. கூகுள் கணக்கு என்றால், மறந்தாலும் கைப்பேசி எண்ணையோ திரைப்பூட்டையோ வைத்து மீட்க வழி உண்டு. அவருக்கு நடக்கக்கூடியது திருட்டு நிரலைவிட மறதிதான். கூகுளின் சேமிப்பே அவருக்குப் போதும்.

ஆனால் அவர் கைப்பேசியில் வேறு ஒன்றைப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் இது சாதாரணமாக நடக்கிறது. கைப்பேசி வாங்கிய கடையிலேயே ஜிமெயில் கணக்கையும் திறந்து கொடுத்திருந்தார்கள். அதன் கடவுச்சொல் ஐயாவுக்குத் தெரியாது. கடைப் பையனுக்குத் தெரியும். எண்களையும் பெயரையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே பாணியில் வைத்துத் தருகிறார்கள். மீட்பு எண்ணாக ஐயாவின் எண் இல்லை, முன்பின் தெரியாத ஓர் எண் இருந்தது. ஐயா குரோமில் ‘சேமி’ என்று அழுத்திய ஒவ்வொரு கடவுச்சொல்லும் அந்தக் கணக்குக்குள் போயிருக்கிறது. உலாவியா தனிச் செயலியா என்ற விவாதத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பார்ப்பதும் சுலபம். கைப்பேசியின் அமைப்புகளில் கூகுள் என்ற பகுதியைத் திறந்து, பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனங்கள் நுழைந்திருக்கின்றன, மீட்பு எண் எது என்று பாருங்கள். `passwords.google.com` என்ற முகவரிக்குப் போனால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியும். ஐயாவுடையதில் கடவுச்சொல்லை மாற்றினேன். பழையது தெரியாவிட்டாலும் கையில் உள்ள கைப்பேசியின் திரைப்பூட்டை வைத்தே பெரும்பாலும் மாற்றிவிட முடிகிறது. மீட்பு எண்ணாக அவருடையதைப் போட்டேன், தெரியாத சாதனத்தை வெளியேற்றினேன். முன்கட்டண எண் என்பதால் ரீலோட் செய்யாமல் காலாவதியாக விட்டுவிடக் கூடாது என்று அவர் மகளிடம் சொல்லி வைத்தேன். கைவிட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். மீட்புக் குறியீடும் அவருக்கே போகும்.

அக்கா வீட்டுக்குத் திரும்புகிறேன். பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்தேன். இலவசக் கணக்கிலேயே எத்தனை சாதனங்களிலும் வைத்துக்கொள்ளலாம். இருவர் மட்டும் உள்ள குழு ஒன்றை அமைத்து மின்கட்டணத்தையும் ஆஸ்ட்ரோவையும் அக்காவுக்கும் மாமாவுக்கும் பொதுவாக வைக்கலாம். மற்றவை தனித்தனியே இருக்கும். கீபாஸும் நல்ல செயலிதான். ஆனால் அதன் கோப்பைச் சாதனத்துக்குச் சாதனம் நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அக்காவிடம் அந்த வேலையைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் மூன்று கைகளில் மூன்று கோப்புகள் இருக்கும்.

மாமா சரியான கேள்வியைக் கேட்டார்: “எல்லாச் சாவியையும் ஒரே இடத்தில் வைத்து, அந்த நிறுவனத்தையே கொள்ளையடித்தால்?” அப்படி நடந்திருக்கிறது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகளையே திருடிச் சென்றார்கள். கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. தளங்களின் முகவரிகள் மறையாக்கம் இல்லாமலே இருந்தன. பெட்டகம் கையில் இருந்தால் திருடன் அவசரமில்லாமல் தன் கணினிகளில் முதன்மைச் சொற்றொடரை யூகித்துக்கொண்டே இருக்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்ற தடை அங்கே இல்லை. பலவீனமான சொற்றொடர் வைத்தவர்களுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். ஆக எல்லாப் பாரமும் அந்த ஒரு சொற்றொடரின் மேல்தான் விழுகிறது.

அக்கா முதலில் சொன்னது கோயில் பெயரும் கல்யாண வருடமும். வேண்டாம் என்றேன். அடுத்து ஒரு பாட்டு வரி. அதுவும் வேண்டாம். நம் மனத்தில் தானாக வருவது எல்லாம் மற்றவர் மனத்திலும் வரும். மருமகன்களின் லூடோ பெட்டியிலிருந்து ஆறு முகப் பகடைகளை எடுத்துக்கொண்டோம். 7,776 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. பகடையை ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்து இலக்க எண்ணுக்கு நேரே ஒரு சொல் இருக்கும். இப்படி ஐந்து சொற்கள். மொத்தச் சாத்தியங்கள் ஏறத்தாழ 2.8 லட்சம் கோடி கோடி. பிட்வார்டன் ஒவ்வோர் யூகத்தையும் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. ஒரு முறை சரிபார்க்க ஆறு லட்சம் சுற்றுக் கணக்குப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் யூகிக்கிறவன் ஆயுள் போதாது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போடலாமா என்று அக்கா கேட்டார். ‘வாழை’க்கு ஒரு நாள் zh, இன்னொரு நாள் l என்று தட்டுவார். அதனால் ஆங்கிலச் சொற்களே மேல் என்று விட்டுவிட்டோம்.

சொற்றொடரைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அலமாரியில் வைத்தார். இன்னொரு பிரதியையும் கையாலேயே எழுதச் சொன்னேன். என் கடைக்குக் கொண்டுவந்து நகல் எடுக்க வேண்டாம். நகல் இயந்திரங்கள் பலவற்றுக்குள் சேமிப்பகம் உண்டு. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்லும் அறிவுரை இது ஒன்றுதான்.

இனி மாற்றும் வேலை. குரோமின் கடவுச்சொல் அமைப்புகளில் ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அதிலிருந்து வரும் கோப்பின் முதல் வரி இப்படி இருக்கும்:

```
name,url,username,password,note
```

அதன் கீழே எல்லாம் வெட்ட வெளிச்சமாக, மறையாக்கம் எதுவும் இல்லாமல் இருக்கும். நோட்பேடில் திறந்தால் குழந்தையும் படிக்கலாம். இதை எங்கே சேமிக்கிறோம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் ஒன்டிரைவ் காப்புப்பிரதி இயங்கினால் மேசைத்தளமும் ஆவணங்கள் கோப்புறையும் மேகத்துக்குப் போகும். அங்கே வைத்தால் நீங்கள் அழித்த பிறகும் இணையத்தின் குப்பைத்தொட்டியில் அது கிடக்கும். பதிவிறக்கக் கோப்புறையில் வைத்தோம். `vault.bitwarden.com` தளத்தில் இறக்குமதிப் பகுதியில் குரோம் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்றினோம். எண்ணிக்கை சரிதானா என்று இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, Shift விசையோடு Delete அழுத்தி அந்தக் கோப்பை அழித்தோம்.

வந்து சேர்ந்ததில் பாதி குப்பை. மூடிப்போன கடைகள், வைஃபை பெட்டியின் முகவரி, ஒரே தளத்துக்கு மூன்று பதிவுகள். திருடப்பட்டவை என்பதால் உயிரோடு இருப்பவை எல்லாவற்றையும் எப்படியும் மாற்றியாக வேண்டும். ஒரே நாளில் உட்கார்ந்தால் அலுத்துப்போய்ப் பழைய கடவுச்சொல்லையே சிறிது திருத்தி வைக்கத் தோன்றும். பணம் தொட்டவற்றை அன்றைக்கே மாற்றினோம். மற்றவற்றை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு வந்த தொல்லைகள் இரண்டு. மடிக்கணினியில் குரோமும் பிட்வார்டனும் போட்டி போட்டுக்கொண்டு ‘சேமிக்கவா?’ என்று கேட்டன. அக்கா சில நேரம் இதில், சில நேரம் அதில் சேமிக்க, புதிய கடவுச்சொல் ஓரிடத்திலும் பழையது ஓரிடத்திலுமாக நின்றது. நுழைய முடியாமல் போகிற தளத்தில் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குரோமின் அமைப்பில் சேமிக்கக் கேட்பதை அணைத்ததும் தீர்ந்தது. கைப்பேசியில் செயலிகளுக்குள் பிட்வார்டன் நிரப்பியது, குரோமில் திறந்த தளங்களில் மட்டும் நிரப்பவில்லை. ஆண்ட்ராய்டின் அமைப்பில் தானாக நிரப்பும் சேவையை மாற்றினால் மட்டும் போதாது. குரோமின் உள்ளமைப்பிலும் வேறொரு சேவை நிரப்ப அனுமதி கொடுக்க வேண்டும். அது இல்லாததுதான் காரணம்.

பெட்டகம் தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தையும் பாருங்கள். உலாவியை மூடித் திறக்கும்போதுதான் பூட்டும் என்று இருந்தால், அக்காவைப் போல மடிக்கணினியை மூடி மூடித் திறந்தே வாரக் கணக்கில் ஓட்டுகிறவருக்குப் பெட்டகம் திறந்தே கிடக்கும். பூட்டிய பெட்டகம் தரும் பலன் எல்லாம் அதோடு போயிற்று. பதினைந்து நிமிடம் என்று வைத்தோம்.

போலித் தளங்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நான் சம மதிப்பெண்தான் கொடுப்பேன். குரோமும் பிட்வார்டனும் சேமித்த தளத்தின் முகவரி ஒத்துப்போனால்தான் நிரப்ப முன்வரும். வங்கியைப் போலவே தோன்றும் பக்கத்தில் எதுவும் நிரம்பாமல் இருந்தால், பெட்டகத்தைத் திறந்து நகலெடுத்து ஒட்டத்தான் கை போகும். அங்கேதான் நிறுத்தி முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு முடிச்சு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைக்காத கணக்கில் புதிய சாதனத்திலிருந்து நுழைந்தால், பிட்வார்டன் ஒரு குறியீட்டை மின்னஞ்சலுக்கு அனுப்பும். அக்கா ஜிமெயிலுக்குப் பெட்டகமே உருவாக்கிக் கொடுத்த நீண்ட கடவுச்சொல்லை வைத்திருந்தார், அது பெட்டகத்துக்குள் மட்டும்தான் இருந்தது. கைப்பேசியும் மடிக்கணினியும் ஒரே நேரத்தில் போய்விட்டால் பெட்டகத்தைத் திறக்க ஜிமெயில் வேண்டும், ஜிமெயிலைத் திறக்கப் பெட்டகம் வேண்டும். ஆகவே அலமாரியில் உள்ள தாளில் சொற்றொடருக்குக் கீழே ஜிமெயிலின் கடவுச்சொல்லையும், கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகள் பத்தையும் எழுதச் சொன்னேன். பிட்வார்டனுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்த அன்று, அது கொடுத்த மீட்புக் குறியீடும் அதே தாளில் ஏறியது. அதன்பிறகுதான் கூகுள் கணக்கில் மிச்சமிருந்த பழைய கடவுச்சொற்களை அழித்தோம்.